ஆப்ஷன் பட்டியலைப் பிள்ளையும் பார்க்கட்டும்

பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பிளஸ் ஒன் சேர்க்கையில் என் தம்பிக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். கேரளத்தில் நம் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பல தமிழ் வீடுகளில் நடப்பதுதான். அவனுக்கு வரலாறும் பொருளாதாரமும் பிடிக்கும், அப்புறம் சட்டம் படிக்க ஆசை. அப்பாவிடம் சொன்னான். "சரி, பார்க்கலாம்" என்றவர், தனியாக அக்ஷயா மையத்துக்குப் போய் உயிரியல் உள்ள சயின்ஸ் பிரிவை முதல் ஆப்ஷனாகவும் ஹியூமானிட்டீஸைக் கடைசியாகவும் போட்டுவிட்டு வந்தார்.

ஒற்றைச் சாளரச் சேர்க்கையின் விதி தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். கிடைத்த ஆப்ஷனுக்குக் கீழே உள்ளவை தானாகவே ரத்தாகிவிடும். முதல் ஆப்ஷனே கிடைத்தால் நிரந்தரமாகச் சேர்ந்தே ஆக வேண்டும், சேராவிட்டால் அடுத்த அலாட்மெண்டுகளில் பெயர் வராது. தம்பிக்கு முதல் ஆப்ஷனே கிடைத்தது. கடைசியில் பிரிவு மாற்றத்துக்கு விண்ணப்பித்தோம். காலியிடம் இருந்தால்தான் அது நடக்கும், இருக்கவில்லை.

இதைத் தடுக்க ஒரு வாய்ப்பு இருந்தது. முதல் அலாட்மெண்டுக்கு முன்னால் ட்ரயல் அலாட்மெண்ட் வரும். அப்போது ஆப்ஷன்களின் வரிசையைத் திருத்தலாம். ஆனால் ஓடிபி வருவது அப்பாவின் கைபேசிக்கு. ட்ரயல் வந்ததே தம்பிக்குத் தெரியாது.

"சயின்ஸ் எடுத்தால் பிறகு எதற்கும் மாறலாம், ஹியூமானிட்டீஸ் எடுத்தால் டாக்டரும் இல்லை, இஞ்சினியரும் இல்லை" என்கிறார் அப்பா. பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் பிடிக்காத இயற்பியலோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டி மார்க் குறைந்தால், நம் பக்கத்துக் கல்லூரிகளில் பி.ஏ. பொருளாதாரத்துக்கும் அந்த பிளஸ் டூ மார்க்கைத்தான் பார்ப்பார்கள். மாறுவதற்கென்று வைத்த வழியும் அங்கே அடைபடும். இதை அப்பாவிடம் நான் சொன்னால் எடுபடவில்லை. சங்கத்தில் நாலு பெரியவர்கள் சொன்னால் கேட்பார்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். ட்ரயல் அலாட்மெண்ட் திருத்த நாட்களில், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளையும் பெற்றோரையும் பள்ளிக்கு வரவழைத்து, ஆப்ஷன் பட்டியலை இருவரும் சேர்ந்து படிக்கச் செய்யுங்கள். பிள்ளை பார்க்காத பட்டியல் உறுதியாகக் கூடாது.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் சங்கம் வைக்கும் ஃபிளெக்ஸில் நீட், கீம் நுழைவுத் தேர்வுகளில் ராங்க் வாங்கியவர்களின் படம் மட்டுமே இருக்கிறது. சட்டக் கல்லூரிக்குப் போனவர்களும் இதே பள்ளியில் படித்தவர்கள்தானே? அந்த ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு வரும் அப்பாவிடம் பிள்ளை என்ன பேசி ஜெயிக்க முடியும்? கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு இந்த ஆண்டு போய்விட்டது. அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்காவது, பட்டியலைப் பிள்ளையும் பார்த்த பிறகே உறுதிசெய்யும்படி அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் போட வேண்டுமென்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளியின் பழைய மாணவி