1.25 என்ற சின்ன எண்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழின் வணிகப் பகுதியில், கடைக்காரர்களுக்கு நிறுவனங்கள் முன்பணம் தந்து, தினசரி விற்பனையிலிருந்து பிடித்துக்கொள்ளும் ‘மெர்ச்சண்ட் கேஷ் அட்வான்ஸ்’ பற்றி எழுதியிருந்தவர், இதில் வட்டியே கிடையாது, 1.25 என்ற ‘ஃபேக்டர் ரேட்’ மட்டுமே உண்டு என்று முடித்திருந்தார். வட்டி என்ற சொல்லை எடுத்துவிட்டால் வட்டியும் போய்விடும் என்பது, சுங்கை சிப்புட்டில் 22 ஆண்டுகளாக மளிகைக் கடை வைத்திருக்கும் எனக்கு இதுவரை தெரியாமல் போயிற்று.

சென்ற ஆண்டு நானும் அந்த 1.25ஐ நம்பி 20,000 வெள்ளி வாங்கினேன். செயல்முறைக் கட்டணம் என்று 600 வெள்ளியைக் கழித்துக்கொண்டு 19,400 வெள்ளியைக் கணக்கில் போட்டார்கள். திருப்பித் தர வேண்டியது 20,000ஐ 1.25ஆல் பெருக்கினால் வருவது, அதாவது 25,000 வெள்ளி. கார்டிலும் கியூஆரிலும் வரும் பணத்தில் 20 சதவீதத்தை, என் கையில் படும் முன்பே அவர்கள் எடுத்துக்கொள்வது ஒப்பந்தம். அந்த வழியில் நாளொன்றுக்குச் சுமார் 800 வெள்ளி வரும் என் கடையில் தினம் 160 வெள்ளி போயிற்று. வாரத்திற்கு ஆறு நாள் கடை திறந்து, 26 வாரத்தில் கடன் தீர்ந்தது.

இதை 25 சதவீதம் என்று நானும் நினைத்தேன், தங்கள் கட்டுரையாளரும் நினைக்கிறார். ஆனால் அந்த 20,000 வெள்ளி அரை ஆண்டு முழுவதும் என்னிடம் இருந்ததா? வாங்கிய மறுநாளே திருப்பித் தரத் தொடங்கிவிட்டேன். மூன்றாம் மாத முடிவில் பாதி போய்விட்டது. சராசரியாகப் பார்த்தால், ஏறக்குறைய 10,000 வெள்ளியை ஆறு மாதம் பயன்படுத்தியதற்குத்தான் 5,600 வெள்ளி கொடுத்திருக்கிறேன். தினசரித் தவணையாக வைத்து என் மகள் கணக்கிட்டபோது ஆண்டுக்கு 106 சதவீதம் வந்தது. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 சதவீதத்திற்கு மேல் வாங்கக்கூடாது என்று 1951ஆம் ஆண்டின் சட்டம் சொல்வது தாங்கள் அறியாததல்ல. முன்பணம் தரும் இந்த நிறுவனத்தாரோ, இது கடனே அல்ல, உங்கள் வருங்கால விற்பனையில் ஒரு பகுதியை முன்கூட்டியே விலைக்கு வாங்குகிறோம் என்கிறார்கள்.

விற்பனை கூடினால் சீக்கிரம் தீரும் என்பதையும் கட்டுரையாளர் ஒரு வசதியாகச் சொல்கிறார். தீபாவளி வியாபாரத்தில் நான்கே மாதத்தில் தீர்ந்திருந்தாலும் அந்த 5,600இல் ஒரு காசு குறைந்திருக்காது. குறைந்த நாளுக்கு அதே கூலி என்பதால் ஆண்டு விகிதம் 150ஐத் தாண்டியிருக்கும்.

இன்னொன்றையும் கடைக்காரர் அல்லாதவர் எளிதில் கவனிக்க மாட்டார். பிடித்தம் விற்பனையிலிருந்து போகிறது, லாபத்திலிருந்து அல்ல. ரொக்கமும் சேர்த்து என் மொத்த விற்பனை நாளுக்கு 1,300 வெள்ளி. அரிசியிலும் பருப்பிலும் 100 வெள்ளிக்கு 12 வெள்ளி நின்றால் பெரிது. ஆக லாபம் 156 வெள்ளி, பிடித்தம் 160 வெள்ளி, வாடகையும் மின்கட்டணமும் அதற்கு மேல். சரக்கு வாங்கும் முதல்தான் கரைந்தது. நான்காம் மாதம் அலமாரி காலியானபோது, அந்த நிறுவனத்தின் முகவர் சிரித்த முகத்தோடு வந்து இன்னொரு 20,000 தருவதாகச் சொன்னார். அதில் பழைய பாக்கி 9,000ஐக் கழித்து 11,000தான் கைக்கு வரும், ஆனால் 1.25 முழு 20,000க்கும் உண்டு. அந்த 9,000க்குள் முதல் கட்டணத்தின் மிச்சமும் இருக்கிறதே, அதற்கும் மறுபடி கட்டணமா என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. மனைவியின் வளையலை அடகு வைத்துச் சமாளித்தேன். அடகுக் கடையில் குறைந்தபட்சம் வட்டி என்று எழுதித் தருகிறார்கள்.

என் தந்தை ரப்பர் பால் மரம் சீவிய காலத்தில், தோட்டத்துக் கடையில் பற்று எழுதி, சம்பள நாளில் கழித்துக்கொண்டு மீதியைக் கையில் வைப்பார்கள். இன்று நான் கடைக்காரனாகியும் பிடித்தம் போக மீதியைத்தான் பார்க்கிறேன். அன்று மாதம் ஒரு முறை, இன்று தினமும். வங்கியில் கேட்கலாமே என்பவர்கள், மூன்றாண்டுக் கணக்கறிக்கையோடு நான் ஏறி இறங்கிய படிகளை ஒரு முறை எண்ணிப் பார்க்கட்டும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2022 டிசம்பர் முதல் இத்தகைய முன்பணத்திற்கும் மதிப்பிட்ட ஆண்டு விகிதத்தைக் கடைக்காரரிடம் எழுதிக் காட்ட வேண்டும். நான் தங்களிடம் சட்டம் கேட்கவில்லை. அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது கைக்கு வரும் தொகை, திருப்பித் தரும் தொகை, எத்தனை நாள், ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்ற நான்கையும் 1.25க்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். அதற்கு இடமில்லையென்றால், கட்டுரையின் தலையில் ‘விளம்பரம்’ என்ற ஒரே சொல்லையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
சுங்கை சிப்புட், பேராக்.