நூலக வாசலில் உதவிய பிள்ளைக்கு

மகள், உங்கள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். ஜூலையில் ஒரு நாள், ஸ்காபரோ நூலக வாசலில் போனோடு அல்லாடிக்கொண்டிருந்தவர் நான்தான்.

அப்போது மத்தியானம் 2 மணி. யாழ்ப்பாணத்தில் இரவு 11.30. இன்னும் அரை மணியில் பேத்திக்கு ஏழு வயது. அவளை நேரில் பார்த்தது இரண்டே தடவை. என் குரலிலேயே வாழ்த்து அனுப்ப நினைத்தேன். கை நடுக்கத்தில் விரல் மைக் பொத்தானை விட்டு விலக, "என்ர செல்லம், உனக்கு" என்றதோடு வாட்ஸ்அப்பில் போய்விட்டது. மூன்று தரமும் அப்படித்தான்.

நான் கேட்காமலே நீங்கள் வந்தீர்கள். "ஐயா, அமத்தினபடியே விரலை மேலே தள்ளுங்கோ, பூட்டு விழும். பிறகு கையை எடுக்கலாம்" என்றீர்கள். போனை வாங்கிச் செய்து தராமல், என் விரலாலேயே இரண்டு தரம் பழக்கினீர்கள். இடையில் நிறுத்தி, அனுப்புவதற்கு முன் கேட்டுப் பார்க்கவும் காட்டித் தந்தீர்கள். பிறகு, நான் கூச்சமில்லாமல் பேசட்டும் என்று தள்ளிப் போய் நின்றீர்கள். அதுதான் இன்னும் மனதில் நிற்கிறது.

வாழ்த்திவிட்டு, எங்கள் வீட்டு முற்றத்து மாமரத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினேன். விடிந்ததும் அவள் குரல் வந்தது: "அம்மப்பா, அந்த மரத்தில ஊஞ்சல் கட்டினீங்களோ?"

இப்போது சனிக்கிழமைதோறும் அவளுக்கு ஒரு கதை அனுப்புகிறேன். நன்றி, மகள்.