டெபாசிட் கேட்கும் டைப்பிங் வேலை

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டிலிருந்தே டைப்பிங், பக்கத்துக்கு 40 ரூபாய் என்ற விளம்பரத்தை நம்பி என் தங்கை 2,500 ரூபாய் கட்டினாள். தனி மென்பொருளுக்கான டெபாசிட், வேலை முடிந்ததும் திரும்பத் தருவோம் என்றார்கள். வந்தவை மங்கலான ஸ்கேன் பக்கங்கள். இருப்பது பூஜ்யமா, 'ஓ' எழுத்தா என்றே தெரியாது. பத்து நாள் கண்விழித்து 300 பக்கம் முடித்தாள், பாவம். 98 சதவீதத் துல்லியம் இல்லை என்று ஒரு பைசாகூடத் தரவில்லை.

அப்புறம் ஒப்பந்தத்தை மீறிவிட்டதாக வாட்ஸ்அப்பில் 'வக்கீல் நோட்டீஸ்', இன்னும் 6,000 கட்டச் சொல்லி. இந்த மிரட்டலும் மோசடியின் ஒரு பகுதிதான், பயந்து கட்டிவிடாதீர்கள். பணம் போனது தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். தாமதித்தால் மோசடிக்காரர்களின் கணக்கை முடக்குவதற்குள் பணத்தை எடுத்துவிடுவார்கள். நாங்கள் இரண்டு வாரம் தாமதித்துவிட்டோம்.

— ஒரு வாசகி, ஈரோடு