கடைசி பஸ்ஸைக் களுவாஞ்சிகுடியோடு நிறுத்தப் பார்க்கும் ஐயாமாருக்கு

பஸ் நேர அட்டவணை போடும் பெரியவர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு பழைய கொண்டக்டர். சூறாவளி அடித்த அடுத்த வருசம், 1979 இல் வேலைக்குச் சேர்ந்து 2013 இல் ஓய்வு பெற்றவன். கடைசி நாலு வருசம் நான் நின்றது மட்டக்களப்பு–மண்டூர் பஸ்ஸில். பின்னேரம் 6.30க்கு மட்டக்களப்பில் எடுத்தால் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி என்று கடற்கரை றோட்டால் களுவாஞ்சிகுடி வந்து, பட்டிருப்புப் பாலத்தால் வாவியைக் கடந்து, போரதீவு, வெள்ளாவெளி பிடித்து மண்டூர் போய்ச் சேர இரவு எட்டரை ஆகும். இப்போது அந்தக் கடைசி பஸ்ஸை களுவாஞ்சிகுடியோடு நிறுத்தலாமா என்று யோசிப்பதாகக் கடைத்தெருவில் கதைக்கிறார்கள். பாலத்துக்கு அங்கால வருமானம் இல்லையாம்.

வருமானம் இல்லை என்று எந்தக் கடதாசியைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வேபில் என்ற அந்தக் கடதாசியை எழுதிக் கொடுத்தவனே நான்தானே.

வேபில் எப்படி எழுதுவது என்று கதிரையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்பீர்கள். இருந்தாலும் சொல்கிறேன். ஒவ்வொரு செக்சனும் வரும்போது டிக்கட் எந்த நம்பர் வரைக்கும் போயிருக்கிறது என்று குறிக்க வேண்டும். இடையில் செக்கிங்காரர் ஏறினால் அந்த நம்பரைப் பார்த்து, ஆக்களை எண்ணி, கையில் இருக்கும் காசோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். கொண்டக்டரைப் பிடிப்பதற்கு இது நல்ல முறைதான். நானும் இரண்டு தரம் பிடிபட்டிருக்கிறேன். ஒரு தரம் பிழை என்னுடையது, மற்றத் தரம் சனநெரிசலில் விட்டுப்போனது. ஆனால் கொண்டக்டரைப் பிடிக்க வைத்த கடதாசியால் ஒரு ஊருக்கு பஸ் தேவையா இல்லையா என்று பிடிக்க ஏலாது.

என் கடைசி நாள் ஓட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மண்டூர் முருகன் கோயில் திருவிழா முடிந்து ஒரு கிழமை. திருவிழாக் காலத்தில் சின்னக் கதிர்காமத்துக்கு என்று எல்லாரும் பஸ் விடுவார்கள், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அன்றைக்குச் சாதாரண புதன்கிழமை. ஸ்டாண்டில் எடுக்கும்போது இருக்க இடமில்லை. பழைய கல்லடிப் பாலம் என்றால் ஒரு பக்கம் வரும்வரை மற்றப் பக்கம் நிற்க வேண்டும், அந்த வருசம்தான் புதுப்பாலம் திறந்தபடியால் நிற்காமல் போனோம். காத்தான்குடியில் கொஞ்சம் இறங்கி, புடவைக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் ஏறினார்கள். ஆரையம்பதி, கிரான்குளம், செட்டிபாளையம் என்று இறங்கி இறங்கி, களுவாஞ்சிகுடியில் முக்கால்வாசி பஸ் காலி. பட்டிருப்புப் பாலத்தில் ஏறும்போது உள்ளே 19 பேர். அதில் 4 பேர் சீசன். மிச்சம் 15 டிக்கட்.

களுவாஞ்சிகுடிக்கும் மண்டூருக்கும் இடைப்பட்ட கூலியை மட்டும் 15 ஆல் பெருக்கிப் பார்த்தால் டீசலுக்கும் காணாது. அது உண்மை. நீங்கள் பிழையாகக் கணக்குப் பார்க்கவில்லை. பார்த்த இடம்தான் பிழை.

அந்த 15 பேரையும் எனக்கு முகம் தெரியும். 6 பேர் ஆஸ்பத்திரி வாட்டில் நோயாளி பார்க்க வந்தவர்கள். பின்னேரம் பார்க்க விட்டு, மணி அடித்து வெளியில் அனுப்ப ஆறு மணி ஆகிவிடும். 6.30 என்ற நேரமே அந்த மணியை வைத்துப் போட்டதுதான். 5 பேர் புடவைக் கடைப் பிள்ளைகள், 2 பேர் மேசன்மார், 2 பேர் கொழும்புக் கோச்சியில் வந்து இறங்கினவர்கள். கோச்சியில் வந்த இரண்டு பேரையும் விட்டால் மற்ற 13 பேரும் அன்றைக்கே என்னுடைய பஸ்ஸில் டிக்கட் எடுத்து ரவுனுக்கு வந்தவர்கள். கடைப் பிள்ளைகளும் மேசன்மாரும் விடிய 5.15 ஓட்டத்தில், வாட்டுக்கு வந்தவர்கள் பின்னேரம் 2.30 ஓட்டத்தில். அந்தக் காசு அந்தந்த ஓட்டத்தின் வேபிலில் ஏறிவிட்டது. கடைசி ஓட்டத்தின் பக்கத்தில் அது தெரியாது. 2.30 பஸ் நல்ல பஸ், 6.30 பஸ் நட்ட பஸ் என்று நீங்கள் பிரிக்கிறீர்கள். ஆனால் திரும்பிப் போக பஸ் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் வாட்டுக்கு வந்தவர்கள் 2.30க்கு ஏறினார்கள்.

நான் இதைச் சும்மா வாயால் சொல்லவில்லை. 2011 தை மாத வெள்ளம் எல்லாருக்கும் நினைவிருக்கும். வெள்ளாவெளிப் பக்கம் றோட்டெல்லாம் தண்ணீர், வயல் எது றோட்டு எது என்று தெரியாது. பஸ் களுவாஞ்சிகுடியோடு நின்றது, அதில் பிழை சொல்ல ஏலாது. மாசியிலும் மழை விடவில்லை. பிறகு தண்ணீர் வற்றிப் பகல் ஓட்டங்களை விட்டார்கள், ஆனால் இரவு ஓட்டத்தை மட்டும் விடவில்லை. பஸ் தட்டுப்பாடு என்றார்கள், பிறகு பார்ப்போம் என்றார்கள். அப்படியே கிட்டத்தட்ட இரண்டு மாதம் போனது. அந்த நாட்களில் என்னைப் பகல் ஓட்டத்தில் போட்டிருந்தார்கள். வெள்ளத்துக்கு முன்னம் 2.30 பஸ்ஸில் பாலத்துக்கு அங்காலயிருந்து முப்பது பேருக்குக் குறையாமல் ரவுனுக்கு வருவார்கள். இரவு பஸ் இல்லாத அந்த இரண்டு மாதமும் 11, 12. ஒரு நாள் 9. றோட்டு நல்லாத்தான் இருந்தது, பஸ்ஸும் நேரத்துக்குத்தான் போனது. வெள்ளாவெளிச் சந்தியில் நின்ற ஒரு பெரியம்மாவிடம், "என்ன பெரியம்மா, மகளப் பாக்கப் போகல்லயா?" என்று கேட்டேன். "போறது போகலாம் மனே, திரும்பி எதுல வாறது? வாட்டு வாசல்லயா படுக்கிற?" என்றார்.

இன்னும் ஒன்று. இரவு ஓட்டத்தைத் திரும்ப விட்டபோது ஆக்கள் உடனே வரவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகும் 2.30 இல் 14 பேர்தான். இன்னும் சில கிழமை கழிந்த பிறகுதான் 25ஐத் தாண்டியது. ஒரு தரம் ஏமாந்த சனம், பஸ் உண்மையாகவே வருகிறதா என்று பக்கத்து வீட்டுக்காரர் போய் வந்ததைப் பார்த்துத்தான் நம்பும். ஒரு மாதம் பரீட்சார்த்தமாக விட்டுப் பார்த்தோம், ஆக்கள் இல்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒரு மாதம் காணாது.

அடுத்தது இரவு தங்குவது. 8.30க்கு மண்டூரில் பஸ்ஸைப் போட்டுவிட்டு நானும் டிரைவரும் அங்கேயே படுப்போம். அவர் முன் சீற்றில், நான் பின் நீட்டுச் சீற்றில். கிணற்றடியில் மேல் கழுவி, தேத்தண்ணிக் கடையில் பிட்டும் சம்பலும் தின்போம், மழை நாளில் ஜன்னல் ஒழுகும், நுளம்பு பிடுங்கும். சுகமான வேலை என்று சொல்ல மாட்டேன், இப்போதைய பெடியன்கள் மாட்டேன் என்றால் அவர்களில் பிழையுமில்லை. படுக்க ஒரு ஒழுங்கான அறை எடுத்துக் கொடுங்கள். ஆனால் பஸ் அங்கே தங்கினபடியால்தான் விடிய 5.15க்கு எடுக்க முடிந்தது. கடைசி பஸ்ஸை களுவாஞ்சிகுடியில் நிறுத்தினால், விடிய முதல் பஸ்ஸை எடுக்க நாலு மணிக்கு வெறும் பஸ்ஸை மண்டூருக்கு அனுப்ப வேண்டும். நட்டம் என்று வெட்டிய டீசலை, ஒரு டிக்கட்டும் இல்லாத ஓட்டத்துக்கு ஊற்றுவீர்கள். அப்படி அனுப்பவும் மாட்டீர்கள். 5.15 பஸ் 6.30 ஆகும், பிறகு கடைப் பிள்ளைகள் வேலைக்குப் பிந்துவார்கள்.

ஆட்டோ இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. இரவில் வெள்ளாவெளிப் பக்கம் யானை நிற்கும் றோட்டில் எத்தனை ஆட்டோ வரும், வந்தால் எவ்வளவு கேட்கும் என்று நீங்களே விசாரியுங்கள். ஒரு இரவு வெள்ளாவெளி தாண்டி ஒரு கொம்பன் நடு றோட்டில் நின்றது. டிரைவர் லைட்டைக் குறைத்து, என்ஜினை நிறுத்தாமல் அப்படியே வைத்திருந்தார். உள்ளே ஒருவரும் மூச்சு விடவில்லை. ஒரு சின்னப் பிள்ளை மட்டும், "அம்மா, அதுக்கும் டிக்கட் போடுவாங்களா?" என்று கேட்டது. இருபது நிமிசத்தால் அது தானாக வயலுக்குள் இறங்கிப் போனது. ஆட்டோவுக்குள் மூன்று பேர் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. குருமண்வெளிக்குப் போய்ப் பாதைப் படகில் ஏறி வாவியைக் கடக்கலாம்தான். அந்த நாளையில் இருட்டினால் பாதையை நம்பி ஒருவரும் வரமாட்டார்கள்.

ஆகவே வெட்டுவதற்கு முன்னம் ஒரு ஆளை மூன்று நாள் அந்த பஸ்ஸில் அனுப்புங்கள். ஒரு சாதாரண நாள், ஒரு கிளினிக் நாள், ஒரு மழை நாள். பட்டிருப்புப் பாலத்தில் பஸ் ஏறும்போது சீசன்காரரையும் சேர்த்துத் தலை எண்ணச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொருவரிடமும், "இண்டைக்கு எந்த பஸ்ஸில வந்தீங்க?" என்ற ஒரே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். அந்த பஸ்ஸின் ஒரு நாளைய நாலு ஓட்டத்தின் காசையும் ஒன்றாகக் கூட்டி, நாலு ஓட்டத்தின் டீசலைக் கழித்துப் பாருங்கள். அப்படிப் பார்த்தும் நட்டம் என்றால் பெரிய பஸ்ஸை எடுத்துவிட்டுச் சின்ன பஸ்ஸை விடுங்கள், எனக்குச் சண்டை இல்லை. நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

என் கடைசி இரவு மண்டூரில் இறங்கியது 4 பேர். அதில் ஒரு பெண்ணுக்கு மிச்சக் காசு 15 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது, டிக்கட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். சில்லறை தேடி நான் நிமிரும்போது அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டுக்குள் போய்விட்டாள். அடுத்த நாள் விடிய ஓட்டத்திலும் வரவில்லை. அந்த நாள் கணக்கை ஒரு கொப்பியிலும் எழுதி வைத்திருக்கிறேன், 2011 கணக்கும் அதிலேயே இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் வாருங்கள், களுவாஞ்சிகுடியில்தான் இருக்கிறேன். காலையில் கண் ஆஸ்பத்திரி, கோயில் என்று போய்விடுவேன். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வீட்டில் நிற்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கொண்டக்டர்,
களுவாஞ்சிகுடி.