சரவணம்பட்டி வீட்டுப் பணம்

அன்புள்ள கண்ணு,

அம்மா கொடுத்தனுப்பிய நாட்டுச்சர்க்கரை வந்துசேர்ந்ததா? பையனுக்குச் சளி விட்டதா? பத்து நாளாக நான் கூப்பிட்டால் "அப்புறம் பேசறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். மாப்பிள்ளை நகைக்கடன் விசாரித்தார் என்று சித்தி சொன்னாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. கணக்கை மட்டும் எழுதுகிறேன், இருவரும் உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் வாங்கப்போகும் வீட்டின் விலை 62 லட்சம். பத்திரத்தில் 40 போட்டுக்கொள்ளலாம், மீதி 22 ரொக்கமாக வேண்டும் என்கிறார் விற்பவர். முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக நூற்றுக்கு ஒன்பது. 22 லட்சத்துக்கு 1,98,000 ரூபாய் மிச்சம். அது கண்ணுக்குத் தெரிகிற லாபம்.

தெரியாதது இது. பேங்க் பத்திர விலையைப் பார்த்துத்தான் கடன் கொடுக்கும். இந்த அளவுக் கடனுக்கு அதிகபட்சம் 80 சதவீதம். 62 என்றால் 49.6 லட்சம் வரை கிடைக்கும், கையிலிருந்து 12.4 போட்டால் போதும். 40 என்றால் 32 தான், கையிலிருந்து 30 லட்சம் வேண்டும். நகை அடகுக்குப் போவது இதனால்தான் கண்ணு, வீட்டு விலையால் அல்ல. நாளைக்கு அதே வீட்டை 80 லட்சத்துக்கு விற்றால் உங்கள் லாபம் 18 ஆகாது, 40 ஆகும். கொடுத்த 22 லட்சத்தை வாங்கிய விலையில் சேர்க்கவே முடியாது. இன்றைய 12.5 சதவீத வரியில் அதற்கு மட்டும் 2,75,000. மிச்சம் பிடித்ததைவிட அதிகம்.

வீடு விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது, முன்பணமானாலும் சரி. வாங்கினால் வாங்கிய தொகை முழுதும் அவருக்கு அபராதமாக வரலாம். இதை மரியாதையாக அவரிடம் சொல்லுங்கள், பலருக்குத் தெரியாது. நீங்கள் பேங்கில் 22 லட்சம் எடுத்ததற்குச் சாட்சி இருக்கும், அவரிடம் கொடுத்ததற்கு இருக்காது. கிரயம் நின்றுபோனால் எதைக் காட்டித் திருப்பிக் கேட்பீர்கள்?

இதை நான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "ஊர்ல எல்லாரும் பண்றதுதானே" என்று முதலில் சொன்னதே நான்தான். பேங்க் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தவன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நீ பேசாமல் இருப்பதற்கு அதுதான் காரணமென்றால், தப்பு என்னுடையது.

இனி செய்ய வேண்டியது. இன்றைய உரிமையாளர் என்று பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கணக்குக்கு மட்டும் பணம் போக வேண்டும். மகன் கணக்கு, புரோக்கர் கணக்கு, "அவசரத்துக்கு இதுல போடுங்க" எதுவும் வேண்டாம். இரண்டு பேர் உரிமையாளர் என்றால் பங்குப்படி இரண்டு கணக்கு. கேன்சல் செய்த செக் ஒன்றை வாங்கி, அதிலுள்ள பெயரைப் பான் கார்டோடு ஒப்பிடுங்கள். அனுப்பும்போது பணம் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் போகும், நீங்கள் எழுதும் பெயரைப் பார்த்து அல்ல. ஓர் எண் மாறினால் யாரிடமாவது போய்விடும். அதனால் முதலில் 1,000 ரூபாய் அனுப்பி, வந்ததா என்று அவரிடமே கேட்டுவிட்டு மீதியை ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் போடுங்கள். உங்கள் கணக்கிலிருந்தே போக வேண்டும். நான் தருகிற பணமும் முதலில் உன் கணக்குக்கு வந்து, பிறகுதான் அவருக்குப் போகும்.

ஒவ்வொரு முறையும் பணம் போனதற்கு பேங்க் தரும் யு.டி.ஆர். எண், தேதி, தொகை, இரண்டு பேங்கின் பெயர் நான்கையும் அன்றே குறித்துவைத்து, அவர் கையெழுத்தோடு ரசீது வாங்கு. கிரயப் பத்திரத்தில் "ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற பழைய வாசகத்தைப் பத்திரம் எழுதுபவர் பழக்கத்தில் போட்டுவிடுவார். அதை எடுக்கச் சொல்லி, இந்த நான்கையும் வரிசையாக எழுதவை.

இன்னொன்று, இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவரின் வருமான வரிக்காக ஒரு சதவீதம் டி.டி.எஸ். நீங்கள்தான் பிடித்துக் கட்ட வேண்டும், 62-க்கு 62,000. கடைசியில் மொத்தமாக அல்ல, முன்பணத்திலிருந்தே ஒவ்வொரு தவணையிலும். 5 லட்சம் முன்பணமென்றால் அவருக்கு 4,95,000, வரிக்கு 5,000. பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்டாவிட்டால் நாளுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம். பத்திரத்தில் இந்த 62,000-ஐயும் விலையின் பகுதியாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் 61,38,000 தான் வந்ததாக நிற்கும். உரிமையாளர்களில் யாராவது வெளிநாட்டில் இருக்கிறார்களா என்று கேட்டுக்கொள். இருந்தால் இந்த ஒரு சதவீதம் செல்லாது, மிக அதிகம் பிடிக்க வேண்டிவரும். ஆடிட்டரைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதே.

அவர் ரொக்கம்தான் வேண்டுமென்று நின்றால் வேறு வீடு பார்க்கலாம். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லைதானே? கொடுத்திருந்தாலும் சொல், திட்டமாட்டேன். பத்திர வரைவு வந்ததும் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பு. நகையை எடுத்து பீரோவில் வை.

அப்பா
கோபி