அணைக்கட்டு நூலை ஈபப் ஆகவும் தாருங்கள்

நம் வட்டார வரலாற்று நூல்களை மின்னூலாக வெளியிட்டு வரும் குழுவின் பொறுப்பாளர்களான அண்ணாச்சிமாருக்கும் அம்மையாருக்கும், அம்பாசமுத்திரத்திலிருந்து வணக்கம்.

தாமிரபரணி அணைக்கட்டுகள் பற்றிய உங்கள் நூலை ஈபப் வடிவிலும் தரவேண்டும் என்று கேட்டிருந்தோம். ‘பிடிஎஃப் இருக்கிறது, தரவிறக்கிப் படித்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தது. அந்தப் பதிலால்தான் இதைப் பொதுவில் எழுத வேண்டியதாயிற்று.

உங்கள் நூலின் பக்கம் டெம்மி அளவு, ஏறக்குறைய 14 செ.மீ. அகலம். எங்கள் வாசகர்களில் பலர் வைத்திருப்பது 6 அங்குலப் படிப்பான். அதன் திரை அகலம் 9 செ.மீ.தான். பக்கத்தை முழுதாகக் காட்டினால் 11 புள்ளி எழுத்து 7 புள்ளிக்குச் சுருங்கிவிடுகிறது. பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் இழுக்க வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்திலேயே வளர்ந்தவர், இரண்டு பக்கம் படித்துவிட்டு ‘என்னடே இது, கண்ணு வலிக்கி’ என்று கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஈபப் என்றால் எழுத்தைப் பெரிதாக்கும்போது வரிகள் தாமே மடங்கித் திரைக்குள் அமையும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சரி, நாங்களே மாற்றிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தோம். அதில் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நூலின் ஒரு வரியை நகலெடுத்து வெறும் உரைக்கோப்பில் ஒட்டிப் பாருங்கள். ‘தமிழ்’ என்று அச்சாகியிருக்கும் இடத்தில் `jkpo;` என்று வரும். நூல் பாமினி எழுத்துருவில் கோக்கப்பட்டிருக்கிறது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கோப்புக்குள்ளே ஆங்கில விசைகளின் வரிசைதான். இதை அப்படியே காலிபர் என்ற மின்னூல் மென்பொருளில் போட்டு ஈபப் ஆக்கினால் புத்தகம் முழுக்க இந்தக் கிறுக்கல்தான் கிடைக்கும். பாமினியை யூனிகோடாக்கும் கருவிகள் இருக்கின்றன, அந்தப் படியைத் தாண்டிவிடலாம். ஆனால் உரையைப் பிரித்தெடுத்ததும் எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருந்தது என்ற விவரம் போய்விடும். இடையில் இருக்கும் ஆங்கிலப் பெயர்களையும் கருவி பாமினி என்றே எண்ணி, பொருளற்ற தமிழெழுத்தாக மாற்றிவிடுகிறது. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினோம்.

எங்களை உட்கார வைத்தது அதற்கு அடுத்த படி. உங்கள் பிடிஎஃப் கோப்புக்குப் பத்தி என்றால் என்னவென்று தெரியாது. எந்த எழுத்து தாளில் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பது மட்டுமே அதில் இருக்கிறது. ஆகவே உரையை எடுக்கும்போது ஒவ்வொரு அச்சுவரியும் தனி வரியாக முறிந்து வருகிறது. அதைச் சேர்த்துப் பத்தியாக்க வேண்டும். ஆங்கில நூலில் வரிக்கடைசியில் சொல் உடைந்தால் சிறு கோடு இருக்கும், மென்பொருள் அதைப் பார்த்து ஒட்டிவிடும். உங்கள் நூலில், பெரும்பாலான தமிழ் நூல்களைப் போலவே, சொல் கோடில்லாமல் உடைகிறது. வரிகளைச் சேர்க்கும்போது நடுவே இடைவெளி விட்டால் உடைந்த சொல் உடைந்தே கிடக்கும். விடாமல் சேர்த்தால் உடையாத சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டில் எதைச் செய்தாலும் ஒரு பாதி தவறுதான்.

உங்கள் நூலில் வரும் அணைக்கட்டுப் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். ஓரிடத்தில் ‘பழ’ என்று வரி முடிந்து ‘வூர்’ என்று அடுத்த வரி தொடங்குகிறது. தமிழ்ச் சொல் எதுவும் ‘வூ’வில் தொடங்காது, ஆகவே இதை ஒட்டலாம் என்று ஒரு விதி எழுதினோம். ண, ழ, ள, ற, ன ஆகியவற்றில் தொடங்கும் வரிகளையும் இப்படியே முந்தின வரியோடு ஒட்டினோம். ஆனால் ‘கோடைமேலழ’ என்று முடிந்து ‘கியான்’ என்று தொடங்கும் வரிக்கு என்ன விதி எழுதுவது? ‘கி’யில் தொடங்கும் சொற்கள் எத்தனையோ இருக்கின்றன. ‘சுத்த’ ஒரு வரியிலும் ‘மல்லி’ அடுத்த வரியிலும் வந்த இடம் இன்னும் மோசம். இரண்டுமே நல்ல தமிழ்ச் சொற்கள், பிழைதிருத்தியும் கண்டுபிடிக்காது. அது சுத்தமல்லி அணைக்கட்டு என்று இந்த ஊர்க்காரர் ஒருவர் படித்துப் பார்த்தால்தான் தெரியும். பின்னால் யாராவது ‘சுத்தமல்லி’ என்று தேடினால் அந்தப் பக்கம் கிடைக்கவே கிடைக்காது. இதற்கு மேல், ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பும் எண்ணும் வாக்கியத்தின் நடுவே வந்து உட்காருகின்றன. ஆயக்கட்டு அட்டவணைகள் கலைந்துபோய், எந்தப் பரப்பு எந்தக் கால்வாய்க்கு என்றே தெரியவில்லை. அவற்றைக் கையால் மறுபடி தட்டச்சு செய்தோம்.

இந்த வேலை முழுக்கவும், உங்களிடம் நல்லபடியாக இருக்கும் உரையை நாங்கள் மறுபடி உண்டாக்கும் வேலை. மூலக்கோப்பில் பத்திகள் பத்திகளாகவே இருக்கின்றன, சொற்கள் உடையவில்லை, பக்க எண் தனியாக இருக்கிறது. அச்சுக்காகப் பிடிஎஃப் ஆக்கும்போதுதான் அதெல்லாம் தொலைகிறது. அதனால்தான் கேட்கிறோம்: மூலக்கோப்பிலிருந்து ஈபப் ஒன்றை நீங்களே எடுத்துத் தாருங்கள்.

‘இப்போது யூனிகோடுக்கு மாறிவிட்டோம்’ என்று நீங்கள் சொல்லலாம். உங்கள் புதிய வெளியீட்டையும் பார்த்தோம். அதிலிருந்து நகலெடுத்தால் கோடைமேலழகியான் ‘ேகாைடேமலழகியான்’ என்று வருகிறது. கொம்பும் காலும் தாளில் தெரியும் வரிசையிலேயே பதிவாகியிருக்கின்றன, உச்சரிக்கும் வரிசையில் இல்லை. யூனிகோடில் கோத்தாலும் பிடிஎஃப் வழியாக வந்தால் இந்தக் கோளாறு வரக்கூடும்.

பார்வையில்லாத வாசகர்களின் நிலை இதைவிடக் கொடுமை. கைபேசியின் திரைவாசிப்பான் உங்கள் பாமினி நூலைத் திறந்தால், தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளையும் குறிகளையும் ஒப்பிக்கிறது. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010இல். இத்தனை ஆண்டுக்குப் பிறகும், பொதுமக்களுக்கென்று வெளியிடும் நூலைப் பழைய குறியீட்டிலேயே விட்டுவைத்திருப்பதை எங்களால் ஏற்க முடியவில்லை. படிக்க முடியாதவர்களையும் வாசகர் கணக்கில் சேர்த்துக்கொண்டு ‘இலவசமாகக் கொடுத்தோம்’ என்று சொல்வது நியாயமா?

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். பக்கம் கோக்கும் தம்பியிடம் இன்டிசைன் கோப்பு இருக்கும். அதன் உரையை யூனிகோடாக்கி, தலைப்புகளுக்கும் பத்திகளுக்கும் பாணி கொடுத்து, ஏற்றுமதியில் `EPUB (Reflowable)` என்பதைத் தேர்ந்தால் போதும். உரையை மூலக்கோப்புக்குள்ளேயே மாற்றுவதால், எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்பது அங்கே தெரியும், ஆங்கிலப் பெயர்கள் கெடாது. கோக்கும்போது உலக மொழிகளுக்கான `World-Ready Paragraph Composer` என்ற அமைப்பைத் தேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் கொம்புகள் இடம் மாறும். பழைய படிப்பான்கள் சிலவற்றில் தமிழ் எழுத்துரு இருக்காது என்பதால், நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற கட்டற்ற எழுத்துரு ஒன்றை உள்ளே சேர்த்துவிடுங்கள். அட்டவணைகளைப் படமாக வைக்காமல் அட்டவணையாகவே வையுங்கள். பிடிஎஃப் இருக்கட்டும், அச்சுக்கு அது வேண்டும். கூடவே ஈபப் ஒன்றும் வேண்டும்.

அணைக்கட்டு நூலை முதலில் தாருங்கள். மெய்ப்புப் பார்க்க இங்கே ஆள் இருக்கிறோம். நாங்கள் திருத்தி வைத்திருக்கும் பாதிப் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க அனுப்பித் தருகிறோம். மூலக்கோப்பைக் கொடுக்கத் தயக்கம் இருந்தால், உங்கள் அலுவலகத்துக்கே வந்து உட்கார்ந்து செய்து கொடுக்கிறோம், எந்த நாள் தோதுப்படும் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
அம்பாசமுத்திரம் வட்டார வாசகர்கள் சார்பில்