லாட் அனுப்புற கைடு எழுத உதவுன எல்லாருக்கும் நன்றி

அண்ணன்மாரே, அக்காமாரே, பாய், எல்லாருக்கும் வணக்கம். நம்ம ராணிப்பேட்டை தோல் யூனிட்ல ஸ்டாக் சாஃப்ட்வேருக்கு தமிழ்ல எழுதுன கைடு இப்ப எல்லா கம்ப்யூட்டர் பக்கத்துலயும் மாட்டியாச்சு. அதுல என் பேர்தான் இருக்குது, ஆனா பாதிக்கு மேல நீங்க சொல்லிக் குடுத்தது, அத எல்லாரும் தெரிஞ்சிக்கணும்னுதான் இத எழுதறேன்.

மொதல்ல வெட் ப்ளூ கோடவுன் அண்ணனுக்கு. டிராஃப்ட்ட அவர் கையில குடுத்து, ட்ரம்முக்கு ஒரு லாட் அனுப்புங்கண்ணா, நான் வாயே திறக்க மாட்டேன்னு சொல்லிட்டு பக்கத்துல நின்னு பாத்துக்கினு இருந்தேன். லாட்ல 240 பீஸ், அதுல 150 அனுப்பணும். நம்பர் அடிச்சாரு, `Save` அழுத்தினாரு, முடிஞ்சிதுன்னு எழுந்துட்டாரு. ஆனா `Save` பண்ணா அது வெறும் டிராஃப்ட்தான், `Post` அழுத்துனாத்தான் சரக்கு நகரும். ட்ரம் செக்ஷன்ல ஒண்ணும் வரலன்னு போன் வந்ததும் அவரு `New` போட்டு மறுபடியும் அதே 150 அடிச்சி, இந்த தடவ `Post` வரைக்கும் போனாரு. ஆக ஒரே சரக்குக்கு ரெண்டு என்ட்ரி, ஒண்ணு போஸ்ட் ஆனது, ஒண்ணு டிராஃப்டா தூங்குது. நல்லவேளை அது டெஸ்ட் லாகின்.

சாயங்காலம் யாராவது அந்த டிராஃப்ட்ட பாத்து, விட்டுப்போச்சு போலன்னு `Post` பண்ணா என்ன ஆவும்? மீதி 90தான் இருக்குது, அதனால `Insufficient quantity`ன்னு வந்து நிக்கும், அது பரவால்ல, தப்பு உடனே தெரிஞ்சிடும். அதே லாட் 400 பீஸா இருந்தா ஒரு எரரும் வராது, கோடவுன்ல 250 கிடக்கும், ஸ்க்ரீன்ல 100னு காட்டும், ஸ்டாக் எண்ணுற வரைக்கும் யாருக்கும் தெரியாது. இந்தக் கணக்க பேப்பர்ல போட்டுக் காமிச்சது அக்கவுண்ட்ஸ் அக்கா. மாசக் கடைசில கோடவுன் கணக்கு ஏன் இடிக்குதுன்னு அவங்க எத்தனையோ தடவ தலைய பிச்சிக்கினது எனக்குத் தெரியும்.

அதனாலதான் அந்தப் பக்கத்துல தலைப்பே "ட்ரம்முக்கு லாட் அனுப்பறது எப்படி"ன்னு மாத்துனோம், மெனுல இருக்கற `Stock Transfer` பேர உள்ள ரெண்டாவது வரில வெச்சோம், ஏன்னா தேடுறவங்க அந்த வேலையத்தான் தேடுவாங்க, மெனு பேர இல்ல. ஒரு வரிக்கு ஒரு வேலை, அதுக்குக் கீழயே ஸ்க்ரீன்ல என்ன தெரியணும்னு ஒரு வரி. கடைசி வரி இது: `Status`ல `Posted`னு வந்தா அனுப்பியாச்சு, `Draft`னு இருந்தா இன்னும் அனுப்பல, புதுசா போடாதீங்க, அதையே திறந்து `Post` அழுத்துங்க. ரெண்டு தடவ போஸ்ட் ஆயிட்டா நீங்களா ஒண்ணும் மாத்த வேணாம், அக்கவுண்ட்ஸ்க்கு போன் பண்ணுங்க, அவங்க லாகின்லதான் `Reverse` இருக்குது.

ஷேவிங் பாய்க்கு தனியா நன்றி சொல்லணும். `Qty`ன்னு இருக்கே, இதுல பீஸா, கிலோவான்னு அவர்தான் கேட்டாரு. சாதாரண கேள்வி இல்ல அது, ஷேவிங் முடிஞ்சதும் எடை போட்டு அந்த எடைக்குத்தான் ட்ரம்ல கெமிக்கல் சதவீதம் கணக்கு போடறாங்க, அதனால அவர் கைக்கு மொதல்ல வர்ற நம்பர் கிலோதான். ஃபினிஷிங் போனா சதுர அடி. மூணு எடத்துலயும் ஸ்க்ரீன்ல ஒரே `Qty`. இப்ப ஒவ்வொரு செக்ஷன் பக்கத்துலயும் "இங்க பீஸ் எண்ணிக்கை மட்டும்", "இங்க சதுர அடி"ன்னு மாதிரி நம்பரோட இருக்குது.

பச்சை பட்டன அழுத்துங்கன்னு எழுதி வெச்சிருந்தத, நம்ம பிரிண்டர் கருப்பு வெள்ளைதானேன்னு சொல்லி எடுக்க வெச்ச ஸ்டோர் தம்பி, நீ சொல்லலன்னா அது அப்படியே மாட்டியிருக்கும். இப்ப பட்டன் பேரு ஸ்க்ரீன்ல இருக்கற மாதிரி இங்கிலீஷ்லயும், பக்கத்துல போஸ்ட்னு தமிழ் எழுத்துலயும் இருக்குது. ஈரக் கையோட தொடுவாங்கன்னு லேமினேட் பண்ணிக் குடுத்த ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கும், எது எங்க போகுதுன்னு பொறுமையா சொல்லி டெஸ்ட் லாகின் திறந்து குடுத்த சாஃப்ட்வேர் தம்பிக்கும் நன்றி.

தம்பி, ஸ்க்ரீன மாத்துனா மட்டும் முன்னாடியே சொல்லிடுப்பா, ஒவ்வொரு பக்கத்துக்கும் அடில தேதி போட்டிருக்கேன், படம் மாறுனா அந்தப் பக்கத்த மட்டும் எடுத்து புதுசு மாட்டிக்கலாம். மத்தவங்க எங்கயாவது தடுமாறுனா அந்த வரி பக்கத்துலயே மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வைங்க, சனிக்கிழமை ரவுண்டு வரும்போது பாத்து மாத்திடறேன்.